படம் அவர்களுடையது, கடை உங்களுடையது

கம்போங் மேடானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவரும் அவருமாகச் சேர்ந்து, ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் சின்னதாகக் காப்பிக் கடை நடத்துகிறார்கள். உள்ளே ஐந்து மேசை, அஞ்சடியில் ஒரு மேசை. பித்தளை டபராவில் நுரை ததும்பும் காப்பிதான் அவர்களின் அடையாளம். வருகிற இளைஞர்கள் குடிப்பதற்கு முன் அதைப் படம் எடுக்காமல் விடுவதில்லையாம். அந்தப் படங்களையே விளம்பரமாக்கினால் என்ன என்று ஒரு ஹேஷ்டேக் தொடங்கினார்கள். வாடிக்கையாளர் அந்த ஹேஷ்டேக்கோடு தன் படத்தைப் போடுவார், கடை தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அதை மறுபகிர்வு செய்யும். இதுதான் திட்டம். ஒரு மாதத்தில் வந்தவை 14 படங்கள். அவற்றில் 5 தங்கை மகள் போட்டவை, 3 தோழிகள் போட்டவை. எங்கே தவறு என்று கேட்கிறார்.

கடையின் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், இந்தக் கட்டுரைக்கு மட்டும் அதை 'முற்றம்' என்று வைத்துக்கொள்கிறேன். ஹேஷ்டேக் #mutramkopi.

பதில் எழுதுவதற்கு முன் அவரிடம் இரண்டு வேலை சொன்னேன். ஒரு சனிக்கிழமை முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து, எத்தனை மேசைகளில் படம் எடுக்கிறார்கள் என்று எண்ணச் சொன்னேன். 11 மேசைகள் என்று வந்தது. ஒரே நாளில் 11. ஆனால் மாதம் முழுவதும் ஹேஷ்டேக்கில் சேர்ந்த வெளியார் படங்கள் வெறும் 6. ஆக, படம் எடுக்க ஆள் இல்லை என்பது பிரச்சினை அல்ல. எடுத்த படம் கடைக்குத் திரும்பி வரும் வழியில் எங்கோ காணாமல் போகிறது.

இரண்டாவது வேலை, ஹேஷ்டேக்கைத் தப்புத் தப்பாக அடித்துத் தேடிப் பார்ப்பது. #muttramkopi என்று தேடினால் 4 படங்கள். #mutramcoffee என்று தேடினால் 3. எல்லாம் அவர்கள் கடைப் படங்களே. ஒரு மாதமாக யாரும் பார்க்காமல், யாரும் நன்றி சொல்லாமல் அங்கே கிடந்திருக்கின்றன. சரியான பெட்டியில் விழுந்த வெளியார் படங்களைவிட, தவறான பெட்டிகளில் விழுந்தவை ஒன்று அதிகம்!

இது நம் மொழிக்கே உரிய தொல்லை. 'ற்ற' என்ற எழுத்தை ரோமன் எழுத்தில் ஒருவர் tr என்பார், இன்னொருவர் ttr என்பார், மூன்றாமவர் tt என்று முடித்துவிடுவார். ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம். வாழை, பழம், கிழமை என்று எந்தப் பெயர் வைத்தாலும் zh, l, z என்று ஆளுக்கொரு பாதை. காப்பியும் அப்படித்தான். kopi, kaapi, kapi, coffee என்று நான்கு விதமாகவும் நம் வீட்டுக்குள்ளேயே எழுதுகிறோம். ஹேஷ்டேக்குக்கு ஒலி தெரியாது, எழுத்துதான் தெரியும். ஓர் எழுத்து மாறினால் அது வேறு பெட்டி.

அப்படியானால் தமிழ் எழுத்திலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். வைக்கலாம். ஆனால் அதை அடிக்க வாடிக்கையாளரின் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளிலேயே பலர் அதை நிறுவி வைத்திருப்பதில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் இந்தோனேசியரும் வந்து காப்பி குடிக்கிற கடையில், அது பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

நான் சொல்லும் சோதனை எளிமையானது. நினைத்திருக்கும் ஹேஷ்டேக்கை ஒரு தாளிலும் எழுதாமல், ஐந்து பேரிடம் வாயால் மட்டும் சொல்லுங்கள். அவர்கள் கைப்பேசியில் அடித்துக் காட்டட்டும். ஐந்து பேரும் ஒரே மாதிரி அடித்தால் அதை வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் மாற்றி அடித்தால் வேறு பெயர் தேடுங்கள். பிறகு அந்த ஹேஷ்டேக்கை இன்ஸ்டாகிராமில் தேடி, ஏற்கெனவே வேறு யாராவது அதைப் பயன்படுத்துகிறார்களா என்றும் பார்த்துவிட வேண்டும்.

ஊர்ப் பெயரைச் சேர்க்கலாமா என்றும் வாசகி கேட்டிருந்தார். #kopimedan என்று வைக்க அவருக்கு ஆசை. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேடான் என்றால் உலகத்துக்கு முதலில் தெரிவது சுமத்ராவின் பெருநகரம். காப்பிக்கும் பேர்போன வட்டாரம் அது. அந்த ஹேஷ்டேக்கில் ஆறு மேசைக் கடையின் படம் விழுந்தால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த மேடான் நகரிலும் கம்போங் மெட்ராஸ் என்று ஒரு தமிழர் வட்டாரம் உண்டு. வடை, சுண்டல் படமெல்லாம் அங்கிருந்தும் வரும். நம் கம்போங் மேடான் எது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அவருடைய ஆசையின் காரணம் எனக்குப் புரிகிறது. கம்போங் மேடான் என்றதும் ஒரு தலைமுறைக்கு நினைவு வருவது 2001 மார்ச் மாதம். ஆறு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஊரின் பெயரைத் தேடினால் அந்தச் செய்திகள் மேலே வருகின்றன. அங்கேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே கடை போட்டிருக்கும் ஒருவருக்கு, ஊரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு டபராக் காப்பியும் வரட்டும் என்று தோன்றுவது நியாயம்தானே. அதற்கு வழி ஹேஷ்டேக் அல்ல, இடக்குறி. படம் போடும்போது 'இடத்தைச் சேர்' என்று இன்ஸ்டாகிராம் கேட்கிறதல்லவா, அங்கே ஊர் வரட்டும். ஹேஷ்டேக் கடையின் பெயரோடு நிற்கட்டும். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை இழுத்தால் இரண்டுமே கெட்டுவிடும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிட வேண்டும். ஹேஷ்டேக் போட்டால் ஊரெல்லாம் பரவும் என்று பலர் நினைக்கிறார்கள். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர் டுவிட்டரில் முதன்முதலில் இந்தக் குறியைப் பரிந்துரைத்தபோதே, அதன் நோக்கம் ஒரே விஷயத்தைப் பேசுவோரை ஓரிடத்தில் சேர்ப்பதுதான். இன்ஸ்டாகிராமில் அது 2011 ஜனவரியில் வந்தது. அந்த நிறுவனத்தின் தலைவர் ஆடம் மொசேரி, ஹேஷ்டேக்கால் ஒரு பதிவின் வீச்சு பெரிதாகக் கூடுவதில்லை என்று பலமுறை சொல்லிவிட்டார். ஒரு ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியையும் 2024 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆகவே #mutramkopi என்பது ஒலிபெருக்கி அல்ல. கடைப் படங்கள் வந்து சேரும் பெட்டியின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு. ஆட்களைக் கொண்டுவருவது, படம் போட்டவரின் நண்பர்கள் அதைப் பார்ப்பதும், அடுத்து நீங்கள் மறுபகிர்வு செய்வதும்தான்.

பெட்டியிலும் ஒரு ஓட்டை உண்டு. ஹேஷ்டேக்கோடு யாராவது படம் போட்டால் உங்களுக்கு எந்த அறிவிப்பும் வராது. நீங்களாகத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். தன் கணக்கைப் பூட்டி வைத்திருப்பவர் போட்டால், தேடினாலும் தெரியாது. இப்போது பெரும்பாலான இளைஞர்கள் ஸ்டோரியில்தான் போடுகிறார்கள். அதுவோ 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆனால் அதே ஸ்டோரியில் கடையின் கணக்குப் பெயரை @ குறியோடு சேர்த்திருந்தால், உடனே உங்களுக்குத் தகவல் வரும். அதிலேயே 'உங்கள் ஸ்டோரியில் சேர்' என்ற பொத்தானும் இருக்கும். ஒரே தட்டலில் மறுபகிர்வு ஆகிவிடும், போட்டவரின் பெயரும் கூடவே வரும். ஆகவே மேசை அட்டையில் ஹேஷ்டேக் மட்டும் போதாது. @ பெயரும் கட்டாயம் வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளரிடம் என்ன கேட்பது? முற்றத்தின் அட்டையில் 'உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்' என்று போட்டிருந்தார்கள். பார்க்க நல்ல வாக்கியம்தான். ஆனால் அதைப் படித்த கை என்ன செய்யும்?

இரண்டு பெரிய நிறுவனங்களின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். 2012 ஜனவரியில் மெக்டோனல்ட்ஸ் டுவிட்டரில் #McDStories என்று ஒன்றைக் காசு கொடுத்தே முன்னிறுத்தியது. உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்பதுதான் அழைப்பு. சொன்னார்கள். வயிற்றுக் கோளாறு, உணவில் கிடந்த பொருள், பழைய வேலைக்காரரின் புலம்பல் என்று கொட்டித் தீர்த்தார்கள். இரண்டே மணி நேரத்தில் நிறுவனம் அதை முன்னிறுத்துவதை நிறுத்தியது. ஆனால் ஹேஷ்டேக் யாருக்கும் சொந்தமில்லையே! அதன் பிறகும் மக்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

2014 ஏப்ரலில் ஸ்டார்பக்ஸ் வேறு விதமாகக் கேட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள வாடிக்கையாளர்கள் வெள்ளைக் குவளையின் மேல் சித்திரம் தீட்டி, அதைப் படம் எடுத்து #WhiteCupContest என்று போட வேண்டும். மூன்றே வாரம். ஏறக்குறைய 4,000 படங்கள் வந்தன. பிட்ஸ்பர்க் நகரத்துக் கலை மாணவி ஒருவரின் சித்திரம் தேர்வானது. அதை மறுபயன்பாட்டுக் குவளையில் அச்சிட்டு விற்றார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பரிசு அல்ல. முதலாவது கருத்தைக் கேட்டது. கருத்து என்று கேட்டால் மனக்குறை உள்ளவர்தான் முதலில் வாய் திறப்பார், அது மனித இயல்பு. இரண்டாவது கைக்கு ஒரு வேலை கொடுத்தது. அந்த வேலையைச் செய்ய, கடையின் பொருளைக் கையில் வைத்திருந்தாக வேண்டும். நான்காயிரம் படத்திலும் குவளை இருந்தது. மூன்று வாரம் என்ற எல்லையும் இருந்தது, அதனால் அலுப்புத் தட்டவில்லை.

அதற்காக முற்றத்தில் டபராவின் மேல் யாரும் சித்திரம் வரைய முடியாது. என் யோசனை இதுதான்: 'டபராவும் கைகளும்'. மேசையில் இருப்பவர்கள் எல்லாரும் டபராவைப் பிடித்திருக்கும் கைகளை மட்டும், மேலிருந்து ஒரு படம். முகம் வேண்டாம். முகம் வேண்டாம் என்பதில் பல லாபம் உண்டு. தலை வாரவில்லை, முகம் கழுவவில்லை என்று கூச்சப்படுகிறவரும் கையை நீட்டுவார். பள்ளிச் சீருடையோடு வந்த பிள்ளையின் முகம் ஊரெல்லாம் போகாது. படங்கள் ஒரே கோணத்தில் வருவதால் கடையின் பக்கம் தானாகவே ஒரு தொகுப்பைப் போல அமைந்துவிடும். மருதாணிக் கை, எண்ணெய்க் கறை படிந்த மெக்கானிக் கை, மோதிரம் போட்ட பாட்டியின் கை, தூடோங் அணிந்த தோழியின் நீண்ட சட்டைக் கை. கம்போங் மேடானில் யார் யார் ஒரே மேசையில் உட்கார்கிறார்கள் என்பதை அந்தக் கைகளே சொல்லிவிடும். அதன் கீழே யாரும் வசனம் எழுத வேண்டியதில்லை.

படம் நன்றாக வர வெளிச்சம் வேண்டும். கடைக்குள் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று வாசகி எழுதியிருக்கிறார். பார்க்க இதமாக இருக்கும், ஆனால் அந்த விளக்கில் வெள்ளை நுரை மஞ்சளாகிவிடும், பித்தளையும் மங்கிவிடும். பலர் படத்தை எடுத்தும் போடாமல் விடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அஞ்சடி மேசை இருக்கிறதே, அதுதான் அவருக்குக் கிடைத்த வரம். மேலே கூரை, பக்கத்தில் திறந்த வானம். நேர் வெயில் விழாத, ஆனால் நிறைய வெளிச்சம் வரும் இடம். மேசையின் மேல்பரப்பு பளபளப்பாக இல்லாமல் மரம் போல இருந்தால் டபரா எடுப்பாகத் தெரியும். சுவரில் இறக்கை வரைவதும், நியான் விளக்கில் ஆங்கில வாசகம் மாட்டுவதும் தேவையில்லை. அந்தச் சுவரைப் பிரிக்பீல்ட்சிலும் பார்க்கலாம், கிள்ளானிலும் பார்க்கலாம்.

அட்டையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். முன்பு அது கல்லாவுக்குப் பக்கத்தில், பணம் கட்டும் இடத்தில் இருந்தது. அப்போது காப்பி குடித்து முடிந்திருக்கும், டபரா காலி, கையில் பணப்பை. யார் படம் எடுப்பார்கள்? ஆர்டர் கொடுத்துவிட்டுக் காப்பி வரக் காத்திருக்கும் அந்த மூன்று நான்கு நிமிடம்தான் அட்டை படிக்கப்படும் நேரம். அது மேசையில் நிற்க வேண்டும். கை நீட்டும் தூரத்தில் கண்ணாடி போடாமலே படிக்கும் அளவுக்கு எழுத்து. மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு வரி. தமிழ் வரி இப்படி இருக்கலாம்: 'டபராவைப் பிடித்த கைகளைப் படமெடுங்கள். #mutramkopi, @mutramkopi என்று சேர்த்துப் போடுங்கள். உங்கள் பெயரோடு எங்கள் பக்கத்தில் பகிர்வோம்.' ஹேஷ்டேக்கும் கணக்குப் பெயரும் ஒரே எழுத்தாக இருப்பது நல்லது, ஒன்றை நினைவு வைத்தால் போதும்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். படம் என்ன ஆகும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆனாலும் அதை மட்டும் நம்பிப் படத்தை எதற்கும் பயன்படுத்தலாம் என்று நினைக்கக் கூடாது. கடைக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

படம் எடுத்தவருக்கே படம் சொந்தம். காப்பி உங்களுடையது, மேசை உங்களுடையது, படம் அவருடையது. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி புகைப்படமும் கலைப்படைப்புதான். உரிமையாளர் வழக்குப் போட்டு, தனக்கு நேர்ந்த இழப்பை நிரூபிக்காமல் சட்டம் குறிக்கும் இழப்பீட்டைக் கேட்டாலும், ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி வரை நீதிமன்றம் விதிக்கலாம். காப்பிக் கடை விஷயத்தில் அவ்வளவு தூரம் போவார்களா என்று கேட்பீர்கள். போகாமல் இருக்கலாம். ஆனால் பொதுவெளியில் கிடக்கும் படம் எல்லாருக்கும் பொது என்ற எண்ணம் எவ்வளவு பெரிய இடத்திலும் சறுக்கும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மோரெல் என்ற புகைப்படக்காரர் டுவிட்டரில் போட்ட படங்களை ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் கெட்டி நிறுவனமும் எடுத்துக்கொண்டன. 2013 நவம்பரில் நியூயார்க்கில் நடுவர் குழு அவருக்கு 12 லட்சம் டாலர் தரச் சொன்னது.

நடைமுறையில் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் உங்கள் கடையைக் குறித்துப் போட்ட ஸ்டோரியை, இன்ஸ்டாகிராமின் பொத்தான் வழியாகவே உங்கள் ஸ்டோரியில் சேர்ப்பது வழக்கமான காரியம். அவர் பெயர் ஒட்டிக்கொண்டே வரும், ஒரு நாளில் மறைந்தும் விடும். ஆனால் படத்தைத் திரையில் பிடித்து, உங்கள் பக்கத்தில் நிரந்தரப் பதிவாகப் போடுவதென்றால் கேட்டுத்தான் போட வேண்டும். உணவு விநியோகச் செயலியின் பட்டியலில் போடவும், பேனர் அடிக்கவும், தீபாவளி அட்டையில் அச்சிடவும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்த அனுமதி மற்றதற்கு ஆகாது.

கேட்பது பெரிய வேலை அல்ல. தனிச் செய்தியில் இரண்டு வரி போதும். 'வணக்கம், உங்கள் படம் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உங்கள் பெயரோடு எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடலாமா? சம்மதம் என்றால் ஆம் என்று பதில் அனுப்புங்கள்.' பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த பதிலை அழிக்காதீர்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தேதி, கணக்குப் பெயர், எதற்கு அனுமதி, எங்கே போட்டோம் என்று நான்கு பத்தி போட்டு எழுதி வாருங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் 'என் படத்தை எடுத்துவிடுங்கள்' என்றால் எங்கே இருக்கிறது என்று தேடாமல் எடுத்துவிடலாம். எடுக்கச் சொன்னால் அன்றே எடுங்கள், காரணம் கேட்காதீர்கள். அவருக்குப் புது வேலை கிடைத்திருக்கலாம், மணமுறிவு நடந்திருக்கலாம். அது நமக்கு எதற்கு?

போட்டவர் சம்மதித்தாலும் நீங்கள் நிதானிக்க வேண்டிய படங்கள் உண்டு. பின்மேசையில் இருப்பவரின் முகம் தெரிகிற படம், வெளியே நிற்கும் காடியின் எண் தெரிகிற படம், பிள்ளையின் பள்ளிச் சின்னம் தெரிகிற படம். இவற்றைப் பகிராமல், போட்டவருக்கு ஒரு நன்றியோடு நிறுத்திக்கொள்ளலாம். நோன்பு மாதத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு முஸ்லிம் வாடிக்கையாளர் இரவு எடுத்த படத்தை நீங்கள் மறுநாள் மதியம் பகிர்ந்தால், அவர் பகலில் உங்கள் கடையில் குடித்தார் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். அவருக்கு அது வெறும் சங்கடம் மட்டும் அல்ல, சட்டச் சிக்கலும்கூட. அந்த மாதம் முழுக்க அவர்கள் படங்களை நோன்பு துறந்த பிறகே பகிருங்கள், நேரத்தையும் குறிப்பிடுங்கள். அதேபோல ஒரு வாடிக்கையாளர் படத்தின் மேல் 'ஹலால் கபே' என்று எழுதிப் போட்டிருந்தால், உங்களிடம் ஜாக்கிம் சான்றிதழ் இல்லாத நிலையில் அதை மறுபகிர்வு செய்யாதீர்கள். அவர் எழுதியபோது அது அவர் வாக்கு. நீங்கள் பகிர்ந்தால் கடையின் வாக்காகிவிடும்.

குறை சொல்லும் படமும் ஒரு நாள் வரும். காப்பியில் முடி, ஆறிய வடை, ஏதோ ஒன்று, அதே ஹேஷ்டேக்கோடு. அதை உங்களால் அழிக்க முடியாது. உங்கள் கணக்கைக் குறித்திருந்தால் அந்தக் குறியை நீக்கலாம், ஆனால் ஹேஷ்டேக்கில் படம் அப்படியே நிற்கும். நீக்கியது தெரிந்தால் இரண்டாவது பதிவும் வரும். படத்தின் கீழேயே, நடந்தது என்ன, என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி நிறுத்துங்கள். தங்கை மகளை அனுப்பிச் சண்டை போடச் சொல்லாதீர்கள்.

இதற்கு நேரம் எங்கே என்பதுதான் கணவன் மனைவி நடத்தும் கடையில் உண்மையான கேள்வி. காலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு கால் மணி நேரம், கடை மூடிய பிறகு கால் மணி நேரம், அவ்வளவுதான். காலையில் கடையைக் குறித்து வந்த ஸ்டோரிகளைப் பார்த்துப் பகிர்வது. இரவில் ஹேஷ்டேக்கையும் அதன் தப்பெழுத்து வடிவங்களையும், கடையின் இடக்குறியையும் தேடிப் பார்ப்பது. எல்லாப் படத்துக்கும் ஒரு இதயமோ ஒரு நன்றியோ போடுங்கள். பகிர்வதற்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். தேர்வில் அழகான படம், ஆயிரக்கணக்கில் பின்தொடர்வோர் உள்ளவரின் படம் என்று மட்டும் போனால், மற்றவர்கள் இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் தடவை போட்டவரின் படத்தைக் கட்டாயம் பகிர்வது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். படத்தை வெட்டாதீர்கள், வண்ணம் மாற்றாதீர்கள். படம் போட்டால் இலவசக் காப்பி என்றும் ஆரம்பிக்காதீர்கள். முதல் வாரம் படம் குவியும், பிறகு இலவசம் நின்றதும் படமும் நின்றுவிடும். பகிரப்படுவதுதான் இங்கே பரிசு.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? இதயங்களை எண்ண வேண்டாம், அவை கல்லாவில் விழுவதில்லை. வாரம் ஒரு முறை, படம் போட்டவர்களில் உங்களுக்குத் தெரியாதவர் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணுங்கள். குடும்பத்தையும் தோழிகளையும் கழித்தால் முதல் மாதம் 6, தப்பெழுத்தில் கிடந்தவற்றையும் சேர்த்தால் 13. அதுதான் தொடக்கப் புள்ளி. இன்னொரு எண்ணிக்கை கல்லாவில். புதிய முகம் வந்தால் 'எங்கே கேள்விப்பட்டீங்க?' என்று கேட்டு, கல்லா நோட்டில் ஒரு கோடு போடுங்கள். படத்தைப் பார்த்து வந்தேன் என்றால் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம். ஆறு வாரம் கழித்தும் முதல் எண் அசையவில்லை என்றால் அட்டையையும் வெளிச்சத்தையும் மறுபடி பாருங்கள். முதல் எண் ஏறி, கோடுகள் மட்டும் ஏறவில்லை என்றால், படம் பார்ப்பவர்கள் உங்கள் வட்டாரத்தில் இல்லை. தொலைவில் இருப்பவருக்கு டபரா அழகாகத்தான் இருக்கும், அதற்காகக் காஜாங்கிலிருந்து காடி ஓட்டிக்கொண்டு வரமாட்டார். அப்போது பகிரும்போதெல்லாம் ஊரின் இடக்குறியைத் தவறாமல் சேர்ப்பதும், அருகில் குடியிருப்பவர்களின் படங்களை முன்னால் வைப்பதும்தான் வழி.

வாசகி கடைசியாக ஒன்று கேட்டிருந்தார். நல்ல படங்களை அச்சிட்டுக் கடைச் சுவரில் மாட்டலாமா என்று. மாட்டுங்கள், அதற்கும் தனியாக அனுமதி கேட்டுவிட்டு. கீழே ஒவ்வொருவரின் கணக்குப் பெயரையும் எழுதுங்கள். ஆணி அடிக்காமல் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால், யாராவது எடுக்கச் சொல்லும்போது சுவரில் ஓட்டை விழாது.